நட்சத்திரக் குறியும் மேல் கட்டமும்: வைல்டுகார்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொருத்தத்தை அட்டவணையில் தீர்த்தல்

சென்னையில் ஒரே இடத்தின் பெயரை வடபழனி, வடப்பழனி, வடபழநி என்று மூன்று விதமாக எழுதிக் காணலாம். கடைப் பலகைகளில் மட்டுமல்லாமல், கையால் நிரப்பிய படிவங்களிலிருந்து கணினிக்கு ஏற்றிய முகவரிப் பட்டியல்களிலும் இந்த மூன்று வடிவங்களும் கலந்தே கிடக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பட்டியலைச் சீர்செய்யும் வேலையில் நான் சில மாதங்கள் இருந்தபோதுதான், அதுவரை நேர்முகத் தேர்வுக் கணக்காக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை அடிமுதல் புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. லீட்கோடு தளத்தில் 10ஆம் எண்ணுள்ள கணக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொருத்தம். 44ஆம் எண்ணுள்ளது வைல்டுகார்டு பொருத்தம். இரண்டையும் டைனமிக் புரோகிராமிங் முறையில் ஓர் அட்டவணையை நிரப்பித் தீர்க்கலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த அட்டவணையில் நட்சத்திரக் குறி வரும் கட்டத்தை ஏன் அப்படி நிரப்புகிறோம் என்று கேட்டால், சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்களே அதிகம். இக்கட்டுரை அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது.

முதலில் குறிகளின் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வைல்டுகார்டில் `?` என்பது ஏதேனும் ஓர் எழுத்து. `*` என்பது எத்தனை எழுத்துகள் வேண்டுமானாலும், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அங்கே நட்சத்திரம் தனித்து நிற்கும் ஒரு குறி. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிப்பது `.` என்ற புள்ளி. `*` தனித்து நிற்பதில்லை, தனக்கு முன்னால் உள்ள குறியோடு ஒட்டிக்கொண்டு, அது பூச்சியம் தடவையோ பல தடவையோ வரலாம் என்கிறது. எனவே வைல்டுகார்டின் `*` செய்யும் வேலையை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் `.*` என்ற இரண்டு குறிகள் சேர்ந்து செய்கின்றன. ஸ்டீபன் கிளீனி 1951இல் எழுதி 1956இல் அச்சில் வெளியான ஆய்வில் இந்தத் திரும்பவரும் செயலை வரையறுத்ததால், இதைக் கிளீனி நட்சத்திரம் என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

கட்டத்தின் பொருள்

பொருத்திப் பார்க்க வேண்டிய சொல்லை உரை என்றும், குறிகள் அடங்கிய தொடரை வடிவம் என்றும் சொல்வோம். அட்டவணையில் `T[i][j]` என்ற கட்டம் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது: உரையின் முதல் `i` எழுத்துகள் முழுவதும், வடிவத்தின் முதல் `j` குறிகள் முழுவதோடும், மிச்சம் எதுவுமின்றிப் பொருந்துகின்றனவா? விடை ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. கிடைவரிசை ஒவ்வொன்றும் உரையில் ஓர் எழுத்து கூடுதலாகப் படித்த நிலை. நெடுவரிசை ஒவ்வொன்றும் வடிவத்தில் ஒரு குறி கூடுதலாக எடுத்துக்கொண்ட நிலை. உரையில் ஒன்றும் படிக்காத 0ஆம் வரிசையும், வடிவத்தில் ஒன்றும் எடுக்காத 0ஆம் நெடுவரிசையும் உண்டு.

சாதாரண எழுத்துக்கோ `?` குறிக்கோ விதி எளிது: கடைசி எழுத்து கடைசிக் குறியோடு பொருந்த வேண்டும், அதற்கு முன்னால் உள்ளவை ஏற்கெனவே பொருந்தியிருக்க வேண்டும், அதாவது மூலைவிட்டமாக மேலே இடப்பக்கம் உள்ள `T[i-1][j-1]` கட்டத்தைப் பார்த்தால் போதும்.

நட்சத்திரம் வந்தால் சிக்கல் தொடங்குகிறது. வைல்டுகார்டின் `*` எத்தனை எழுத்துகளை விழுங்கப்போகிறது என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. பூச்சியம் என்றால் `T[i][j-1]` ஆம் என்று இருக்க வேண்டும்; ஒன்று என்றால் `T[i-1][j-1]`; இரண்டு என்றால் `T[i-2][j-1]`; இப்படியே மேலே 0ஆம் வரிசை வரை. இடப்பக்க நெடுவரிசையில் இந்த வரிசையிலிருந்து மேலே ஏறி, எங்கேனும் ஒரு 1 இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பதே இதன் பொருள். இப்படி எழுதினாலும் விடை சரியாகவே வரும். ஆனால் நட்சத்திர நெடுவரிசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே உள்ள எல்லாவற்றையும் பார்ப்பதால், 20,000 எழுத்துள்ள உரைக்கு அந்த ஒரு நெடுவரிசையிலேயே சுமார் 20 கோடி பார்வைகள் ஆகிவிடும்.

இதே தேடலை முந்தைய வரிசையில் செய்தபோது என்ன பார்த்தோம் என்று கவனித்தால் வழி திறக்கிறது. `T[i-1][j]` கட்டத்தை நிரப்பும்போது, `T[i-1][j-1]`, `T[i-2][j-1]` என்று தொடங்கி 0ஆம் வரிசை வரை உள்ள அத்தனையையும் பார்த்து, எங்கேனும் ஒரு 1 உண்டா என்ற விடையை அதில் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டோம். இப்போது புதிதாகப் பார்க்க வேண்டியது `T[i][j-1]` ஒன்றுதான். ஆகவே,

```
T[i][j] = T[i][j-1] or T[i-1][j]
```

முதல் பகுதி நட்சத்திரம் ஒன்றையும் விழுங்கவில்லை என்கிறது. இரண்டாம் பகுதியைப் பலர் நட்சத்திரம் ஓர் எழுத்தை விழுங்கியது என்று படிக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. நட்சத்திரம் இந்த எழுத்தையும் விழுங்கியது, ஆனால் இன்னும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை என்பதே சரி. உரையில் ஓர் அடி பின்னால் போகிறோம், வடிவத்தில் போவதில்லை; அதனால்தான் `j` குறையாமல் நிற்கிறது. எண்ணற்ற வாய்ப்புகள் இரண்டே வாய்ப்புகளாக மடங்குவது, மேல் கட்டம் தன் பங்கு வேலையை முன்பே முடித்து வைத்திருப்பதால்தான்.

```python
def wild(s, p):
    n, m = len(s), len(p)
    T = [[False]*(m+1) for _ in range(n+1)]
    T[0][0] = True
    for j in range(1, m+1):
        T[0][j] = T[0][j-1] and p[j-1] == "*"
    for i in range(1, n+1):
        for j in range(1, m+1):
            if p[j-1] == "*":
                T[i][j] = T[i][j-1] or T[i-1][j]
            else:
                T[i][j] = T[i-1][j-1] and p[j-1] in ("?", s[i-1])
    return T[n][m]
```

0ஆம் வரிசையைத் தனியாக நிரப்புவதைக் கவனிக்க வேண்டும். உரை வெறுமையாக இருக்கும்போது, வடிவத்தின் தொடக்கத்திலிருந்து இடைவிடாமல் நட்சத்திரங்கள் மட்டுமே வந்தால் பொருத்தம் உண்டு. முதல் முறையாக வேறொரு குறி வந்த இடத்தோடு அது அறுந்துவிடும். இந்த இரண்டு வரிகளை விட்டுவிட்டால், நட்சத்திரத்தில் தொடங்கும் வடிவங்கள் எந்தச் சொல்லோடும் பொருந்தாமல் பொய்த்துப்போகும். `பல்லாவரம்` என்ற சொல்லை `*பல்லாவரம்` என்ற வடிவம் ஏற்க மறுத்தால் காரணம் இதுவே.

நுங்கம்பாக்கத்தில் இரண்டு ‘கம்’

கையால் நிரப்பிப் பார்க்க ஏற்ற சொல் நுங்கம்பாக்கம். எழுத்து எழுத்தாகப் பிரித்தால் நு, ங், க, ம், பா, க், க, ம் என எட்டு. வடிவம் `நு*கம்`, இதில் நு, நட்சத்திரம், க, ம் என நான்கு குறிகள். இந்தச் சொல்லை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், ‘கம்’ என்பது இதில் இரண்டு இடங்களில் வருகிறது: நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. நட்சத்திரம் எவ்வளவு விழுங்க வேண்டும் என்பதில் நிஜமான தயக்கம் இங்கே உண்டு.

```
        -   நு   *   க   ம்
 -      1   0   0   0   0
 நு     0   1   1   0   0
 ங்     0   0   1   0   0
 க      0   0   1   1   0
 ம்     0   0   1   0   1
 பா     0   0   1   0   0
 க்     0   0   1   0   0
 க      0   0   1   1   0
 ம்     0   0   1   0   1
```

நட்சத்திரத்தின் நெடுவரிசையைப் பாருங்கள். நு பொருந்திய முதல் வரிசையில் அது 1 ஆனது; அந்த 1 இடப்பக்கக் கட்டத்திலிருந்து வந்தது, அதாவது நட்சத்திரம் ஒன்றும் விழுங்காத நிலை. அதற்குப் பிறகு இடப்பக்கம் எல்லாம் 0தான். இருந்தும் மேல் கட்டத்திலிருந்து 1 இறங்கி இறங்கி அடிவரை வருகிறது. ஒருமுறை உயிர்பெற்ற வைல்டுகார்டு நட்சத்திரம் பிறகு அணைவதே இல்லை.

நான்காம் வரிசையின் கடைசிக் கட்டத்திலும் 1 இருக்கிறது. ‘நுங்கம்’ வரை படித்த நிலையில் வடிவம் முழுவதும் பொருந்திவிட்டது என்பதே அதன் பொருள். ஆனால் உரை முடியவில்லை, ஆகவே அது நம் விடையன்று. நட்சத்திரத்துக்குக் குறைந்த அளவே கொடுத்து முன்னேறும் நிரல் இந்த இடத்தில் வடிவத்தைத் தீர்த்துவிட்டு, மீதமுள்ள ‘பாக்கம்’ என்ற பகுதியோடு தடுமாறி நிற்கும்; பின்வாங்கி வேறு அளவு கொடுத்துப் பார்க்க வேண்டும். அட்டவணை எந்த முடிவையும் எடுப்பதில்லை. ஐந்தாம் வரிசையில் அந்த 1 பா என்ற எழுத்தைத் தாங்க முடியாமல் மறைகிறது, ஆனால் நட்சத்திர நெடுவரிசையில் உள்ள 1 தொடர்ந்து இறங்கி, ஏழாம் வரிசையில் இரண்டாவது க எழுத்தையும் எட்டாம் வரிசையில் ம் எழுத்தையும் எழுப்பிவிடுகிறது. வலக்கீழ் மூலையில் 1, பொருத்தம் உண்டு. மொத்தம் 45 கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவை.

வைல்டுகார்டுக்கு மட்டும் அட்டவணையே இல்லாமல் ஒரு சுருக்க வழி உண்டு: கடைசியாகப் பார்த்த நட்சத்திரத்தின் இடத்தை மட்டும் நினைவில் வைத்து, தோற்றால் அதற்கு மட்டும் ஓர் எழுத்து கூடுதலாகக் கொடுத்தால் போதும். அதற்கு முந்தைய நட்சத்திரங்களுக்குத் திரும்ப வேண்டியதில்லை, ஏனெனில் முந்தையது எவ்வளவு குறைவாக விழுங்கினாலும் மிச்சத்தைப் பிந்தையது விழுங்கிக்கொள்ளும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இந்த வாதம் நிற்காது. அங்கே பிந்தைய நட்சத்திரம் தன் எழுத்தை மட்டுமே விழுங்கும், வேறு எதையும் விழுங்காது.

ஒட்டி நிற்கும் நட்சத்திரம்

இப்போது ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு வருவோம். வடபழனியின் மூன்று எழுத்துவடிவங்களையும் பிடிக்க `வடப்*பழ.` என்று எழுதலாம். ப் என்ற ஒற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசி எழுத்து னியோ நியோ எதுவாயினும் சரி. (ஒற்று இரண்டு மூன்று தடவை வந்தாலும் இந்த வடிவம் ஏற்றுக்கொள்ளும், அழுக்கான பட்டியலில் அதனால் தீங்கில்லை என்பது என் அனுபவம்.) எழுத்துக் கணக்கில் வடிவத்தின் குறிகள் வ, ட, ப், நட்சத்திரம், ப, ழ, புள்ளி என ஏழு.

நட்சத்திரக் கட்டத்தின் விதி முன்பு போன்றே இரண்டு பகுதிகள் கொண்டது, ஆனால் இரண்டிலும் ஒரு மாற்றம் உண்டு:

```python
if p[j-1] == "*":
    T[i][j] = T[i][j-2] or (
        T[i-1][j] and p[j-2] in (".", s[i-1]))
else:
    T[i][j] = T[i-1][j-1] and p[j-1] in (".", s[i-1])
```

பூச்சியம் தடவை என்றால் நட்சத்திரம் மட்டும் மறைவதில்லை, அது ஒட்டியிருக்கும் எழுத்தும் சேர்ந்து மறைகிறது. ஆகவே இரண்டு அடி இடப்பக்கம் தாண்டி `T[i][j-2]` என்ற கட்டத்தைப் பார்க்கிறோம். தொடர்ந்து விழுங்குவது என்றால், இப்போது விழுங்கும் எழுத்து நட்சத்திரம் ஒட்டியிருக்கும் எழுத்தோடு பொருந்த வேண்டும். அதன் பிறகே மேல் கட்டத்தைப் பார்க்கலாம். அதனால் இந்த நட்சத்திரம் அணையக்கூடியது: பொருந்தாத எழுத்து ஒன்று வந்த உடனே மேலிருந்து இறங்கிய 1 அறுந்துபோகும்.

‘வடபழனி’ என்ற உரையில் இரண்டாம் வரிசை வரை, அதாவது ‘வட’ வரை வந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். `T[2][2]` 1. நட்சத்திரம் நான்காம் குறி. `T[2][4]` தன் இரண்டு அடி இடப்பக்கமுள்ள `T[2][2]` கட்டத்திலிருந்து 1 பெறுகிறது. மூன்றாம் வரிசையில் ப என்ற எழுத்து வந்ததும், ஐந்தாம் குறியான ப மூலைவிட்டமாக `T[2][4]` கட்டத்தைப் பார்த்து 1 ஆகிறது. ஒற்று இல்லாமலே கடந்துவிட்டோம். ‘வடப்பழனி’ என்றால் மூன்றாவது எழுத்து ப். `T[3][2]` 0, ஆனால் மேல் கட்டமான `T[2][4]` 1, எழுத்தும் பொருந்துகிறது, எனவே `T[3][4]` 1. நான்காம் வரிசையில் ப வரும்போது அது `T[3][4]` கட்டத்தைப் பார்த்து எழுகிறது.

இந்த இரண்டாவது தடம் ஒரு கேள்விக்கும் விடை தருகிறது. ஒரே ஒரு தடவை வருவதற்குத் தனியாக `T[i][j-1]` என்ற மூன்றாவது வாய்ப்பையும் சேர்த்து எழுதிய நிரல்கள் பல உண்டு. தவறில்லை, ஆனால் தேவையுமில்லை. ஒரு தடவை என்பது மேல் வரிசையில் பூச்சியம் தடவையாக எழுந்த 1 ஓர் எழுத்தை விழுங்கிக் கீழே இறங்குவதுதான் என்பதை `T[3][4]` நேரடியாகக் காட்டுகிறது.

0ஆம் வரிசையும் மாற வேண்டும்:

```python
for j in range(2, m+1):
    T[0][j] = p[j-1] == "*" and T[0][j-2]
```

வகுப்பில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை வைல்டுகார்டு நிரலை நகலெடுத்துப் புள்ளியை மட்டும் மாற்றியதால் வந்தவை, அவற்றின் அறிகுறிகளும் தெளிவானவை. 0ஆம் வரிசையில் ஓர் அடி மட்டும் தாண்டினால், வெற்று உரைக்கு `அ*` பொருந்தாது என்று விடை வரும்; முதல் குறியான அ, வெற்று உரையோடு பொருந்தாததால் அதற்கு அடுத்த நட்சத்திரமும் செத்துவிடுகிறது. நட்சத்திரக் கட்டத்தில் இரண்டு அடிக்குப் பதில் ஓர் அடி தாண்டினால், பூச்சியம் தடவை என்பதே இல்லாமல் போய், ‘வடப்பழனி’ பொருந்தும், ‘வடபழனி’ பொருந்தாது. எழுத்துப் பொருத்தச் சோதனையை விட்டுவிட்டால் எதிர்த்திசையில் பிழைக்கும்: ப் ஒட்டிய நட்சத்திரம் எதையும் விழுங்கத் தொடங்கி, ‘வடக்குப்பழனி’ போன்றவையும் பொருந்திவிடும். ஆகவே சோதனை உரைகளில் வெற்று உரையும், நட்சத்திர எழுத்து ஒருமுறையும் வராத உரையும், அவ்விடத்தில் வேறோர் எழுத்து வரும் உரையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

தமிழில் ஓர் எழுத்து என்பது எது

இதுவரை ‘எழுத்து’ என்று சொல்லி வந்ததில் ஒரு பெரிய நிபந்தனை மறைந்திருக்கிறது. பைத்தானில் ஒரு சரத்தின் ஓர் உறுப்பு என்பது யூனிகோடின் ஒரு குறியீட்டுப் புள்ளி. அது தமிழ் எழுத்தன்று. னி என்பது ன, இகரக் குறி என்ற இரண்டு புள்ளிகள். ப் என்பதும் ப, மேற்புள்ளி என்ற இரண்டு. எட்டு எழுத்துள்ள நுங்கம்பாக்கத்துக்கு `len` 14 என்கிறது.

வைல்டுகார்டின் `?` னி என்ற எழுத்தில் பாதியைத்தான் பிடிக்கும் என்பது உடனே தெரிந்துவிடும் பிழை. `வடபழ?` என்ற வடிவம் ‘வடபழனி’யோடு பொருந்தாது. நட்சத்திரத்தில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. `வடப்*பழனி` என்று எழுதி மொழியின் சொந்த நூலகத்திடம் கொடுத்தால், நட்சத்திரம் ஒட்டிக்கொள்வது ப் என்ற எழுத்தோடு அன்று, மேற்புள்ளியோடு மட்டும். ப கட்டாயம் வர வேண்டும், அதன் மேல் புள்ளி இருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம் என்று பொருளாகிவிடுகிறது. விளைவாக ‘வடப்பழனி’ பொருந்துகிறது, நமக்கு வேண்டிய ‘வடபழனி’ பொருந்தவில்லை, யாரும் எழுதாத ‘வடபபழனி’ பொருந்துகிறது. திரையில் வடிவத்தைப் பார்ப்பவருக்கு இதில் தவறேதும் தெரியாது. நூலகத்தையே பயன்படுத்துவதானால் `வட(?:ப்)*பழனி` என்று அடைப்புக்குள் வைக்க வேண்டும்.

நாமே அட்டவணை கட்டும்போது, உரையையும் வடிவத்தையும் முதலில் எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலாக்கிவிட்டால் மேலே உள்ள நிரல்கள் மாற்றமின்றி இயங்கும்:

```python
import unicodedata

def ezhuthu(s):
    out = []
    for ch in unicodedata.normalize("NFC", s):
        if out and unicodedata.category(ch)[0] == "M":
            out[-1] += ch
        else:
            out.append(ch)
    return out
```

இதில் `normalize` என்ற படியை விட்டுவிடக் கூடாது. கோயம்பேடு என்ற சொல்லின் முதல் எழுத்தை ஓகாரக் குறி ஒன்றாலும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. பட்டியலில் ஒரு வகையும் தேடலில் மறுவகையும் இருந்தால் `கோ*` என்ற எளிய வடிவமே தோற்கும்.

ஒற்றை வரிசையும் திறந்த தொடக்கமும்

ஒவ்வொரு வரிசையும் தனக்கு மேல் வரிசையை மட்டுமே பார்ப்பதால் முழு அட்டவணையை வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரே வரிசையை மேலெழுதிக்கொண்டே போகலாம். ஆனால் நட்சத்திரத்துக்கு இடப்பக்கக் கட்டத்தின் புதிய மதிப்பு வேண்டும், சாதாரண எழுத்துக்கு அதே கட்டத்தின் பழைய மதிப்பு வேண்டும். எனவே பழையதை ஒரு மாறியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகச் செல்ல வேண்டும்.

```python
def wild_row(s, p):
    D = [True] + [False]*len(p)
    for j, q in enumerate(p, 1):
        D[j] = D[j-1] and q == "*"
    for ch in s:
        diag, D[0] = D[0], False
        for j, q in enumerate(p, 1):
            old = D[j]
            if q == "*":
                D[j] = D[j-1] or old
            else:
                D[j] = diag and q in ("?", ch)
            diag = old
    return D[-1]
```

ஓர் எழுத்து படித்த பிறகு `D[0]` 0 ஆக வேண்டும். முழு அட்டவணையில் அது தானாக நடந்தது. இங்கே நாம்தான் செய்ய வேண்டும். மறந்தால் `பாக்கம்` என்ற வடிவம் ‘நுங்கம்பாக்க’த்தோடு முழுமையாகப் பொருந்துகிறது என்று விடை வரும். இந்தப் பிழையை நான் முதன்முதலில் கண்டபோது அதில் ஓர் உண்மை இருப்பதையும் கண்டேன்: `D[0]` எப்போதும் 1 என்று விடுவது, உரையின் எந்த இடத்திலும் வடிவம் தொடங்கலாம் என்று அனுமதிப்பதற்குச் சமம். தேடல் என்பது அதுவேதான்.

தேடலை அட்டவணையில் செய்வதா, பின்வாங்கிப் பின்வாங்கிச் செய்வதா என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கிய நிகழ்ச்சி சான்று. வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்து அதன் பிறகு வேறோர் எழுத்தும் வந்த ஒரு பதிவைச் சந்தித்தது. பின்வாங்கித் தேடும் பொறி முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000ஐயும் விழுங்கி, வரி முடியவில்லை என்று கண்டு திரும்பும். இரண்டாவதில் தொடங்கி 19,999ஐ விழுங்கித் திரும்பும். இப்படியே சென்றால் ஒப்பீடுகள் சுமார் 20 கோடி. நட்சத்திரக் கட்டத்தை மேலே ஏறி ஏறித் தேடி நிரப்பினால் ஆகும் என்று முன்பு சொன்ன அதே முக்கோணக் கூட்டல்தான் இது. அட்டவணையில், எந்த வெற்றிடத்தில் தொடங்கிய தொடராயினும் அவை அனைத்தும் ஒரே கட்டத்தின் ஒரே 1இல் சேர்ந்துவிடுகின்றன. அடுத்த எழுத்து வெற்றிடம் இல்லையென்றால் அந்த ஒரு கட்டம் அணைகிறது. 20,000 வரிசைகள், ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணத்தக்க கட்டங்கள்.

உண்மையில் ஒரு வரிசையில் 1 உள்ள கட்டங்களின் தொகுப்பு என்பது, இதுவரை படித்த எழுத்துகளைக் கொண்டு வடிவத்தில் எந்தெந்த இடங்களில் நாம் நின்றுகொண்டிருக்கக்கூடும் என்பதன் பட்டியல். கென் தாம்சன் 1968இல் வெளியிட்ட தேடல் முறையும் இப்படித்தான் நடக்கிறது: உரையில் ஓர் எழுத்து படித்ததும் எல்லா இடங்களையும் ஒருசேர நகர்த்துகிறது, எதற்காகவும் பின்னால் திரும்புவதில்லை. அடைப்புக்குறிகளும் மாற்று வாய்ப்புகளும் வந்தால் இடங்கள் நேர்கோட்டில் இல்லாமல் கிளைத்து நிற்கும்; அப்போது நெடுவரிசை எண்ணுக்குப் பதிலாகக் கிளைப்படத்தின் முனைகளை வைத்துக்கொள்ள வேண்டும், மற்றபடி வரிசையை நிரப்பும் வேலை அதேதான்.

ஆனால் பின்சுட்டு வந்தால் இந்த வழி அடைபடுகிறது. சலசல, கலகல போன்ற இரட்டைக்கிளவிகளைப் பிடிக்க `(.+)\1` என்று எழுதலாம். அடைப்புக்குள் எது பொருந்தியதோ அதுவே மறுபடியும் வர வேண்டும் என்பது அதன் பொருள். நம் கட்டம் ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லும். முன்பாதியில் பொருந்தியது சல என்பதா கல என்பதா என்பதை அது வைத்திருப்பதில்லை. வெவ்வேறு வழிகளில் வந்தவற்றை ஒரே 1இல் கலந்துவிட்டதால்தான் வேலை சுருங்கியது, அப்படிக் கலந்தவற்றை இந்தக் குறிக்காக மறுபடியும் பிரித்தெடுக்க வழியில்லை.